பங்க் பெட் உள்ள குழந்தைகள் அறை: நிறம் போட்டதும் ரெண்டர் பொம்மை வீடாகிவிடுகிறது

முகிலன்3டி

ஒரு மரச்சாமான் பட்டறைக்காக குழந்தைகள் அறை ஒன்றை பிளெண்டரில் செய்துகொண்டிருக்கிறேன். அறை 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், உயரம் 2.7. நீளச் சுவரை ஒட்டி பங்க் பெட். ஏணிக்குப் பதில் கால்மாட்டில் ஐந்து படிகள், ஒவ்வொரு படிக்கு அடியிலும் டிராயர். கட்டில் முழுக்க நீலப்பச்சை, டிராயர் முகப்புகள் ஆரஞ்சு, பின்சுவர் முழுக்க மஞ்சள். எதிர்ச்சுவரில் ஒரே ஒரு ஜன்னல், அதில் பகல் வெளிச்சம்.

சிக்கல் இதுதான். அவர்களிடம் ஏற்கெனவே நிஜமாக எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. என் படமும் அதே பக்கத்தில் வரப்போகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்ததும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா பொம்மை வீட்டை படம் எடுத்த மாதிரி இருக்கே" என்றார்கள். நிறத்தைக் குறைக்கவும் கூடாதாம், குழந்தைகள் அறை கலகலப்பாக இருக்க வேண்டுமாம்.

பிளெண்டர் 4.2, சைக்கிள்ஸ். கேமரா 20 மி.மீ., என் கண் உயரத்தில் வைத்து சற்றுக் கீழே சாய்த்திருக்கிறேன். F-Stop 0.4, பின்னணி அழகாக மங்கும். View Transform-ஐ AgX-இல் வைத்தால் நிறமெல்லாம் வெளுத்துப்போவதால் Standard-இல் வைத்திருக்கிறேன். எங்கே கை வைப்பது?

அனிதா_வீடு

படி வைத்த கட்டில்தான் நல்லது, யோசிக்காமல் வாங்குங்கள். ஏணி வைத்ததில் என் சின்னவன் ராத்திரி இறங்கவே பயப்படுவான். ஆனால் படிக்கு அடியில் இருக்கும் டிராயர்களில் மேலே உள்ள இரண்டைத்தான் ஆழமாகப் பயன்படுத்த முடிகிறது, கீழே இருப்பது கைக்குட்டை வைக்கத்தான் ஆகும். உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வயது?

முகிலன்3டி

அனிதா அக்கா, இது எங்கள் வீட்டு அறை இல்லை. கணினியில் செய்த படம். கட்டில் இன்னும் மரமாகவே இல்லை.

நிறக்கலவை

பார்த்ததுமே தெரிகிறது, நிறம் அதிகம். மூன்று அடர் நிறம், மூன்றுக்கும் சம பங்கு. அறுபது, முப்பது, பத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறம் ஆள வேண்டும், ஒன்று துணை, மூன்றாவது அங்கங்கே தொட்டுக்கொள்ள. அப்புறம் கடைசியில் சாச்சுரேஷனை முப்பது சதவீதம் இறக்கிவிடுங்கள். புகைப்படத்தில் எந்த நிறமும் இவ்வளவு பளிச்சென்று இருக்காது.

முகிலன்3டி

சாச்சுரேஷனை இறக்கிப் பார்த்தேன். சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டது. பொம்மை வீடு அப்படியே இருக்கிறது, இப்போது பழைய பொம்மை வீடு.

ஒளிமானி

நிறத்தைத் தொடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள் முகிலன். View Layer பகுதியில் Override என்று இருக்கும். அதில் ஒரே ஒரு சாம்பல் மெட்டீரியலை, Base Color 0.5 வைத்து, Roughness 0.6 அளவில் கொடுத்து அறை முழுவதையும் ரெண்டர் செய்து போடுங்கள். ஜன்னல் கண்ணாடியை மட்டும் மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் சாம்பலாகி வெளிச்சத்தை அடைத்துவிடும்.

அந்த சாம்பல் படம் ஒரு நிஜ அறைக்கு வெள்ளையடித்து எடுத்த புகைப்படம் போலத் தெரிந்தால், குற்றம் நிறத்தில். அதுவே பொம்மையாகத் தெரிந்தால் நிறத்தை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. பெரும்பாலும் நிறத்தின் மீதுதான் பழி விழுகிறது, ஏனென்றால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

முகிலன்3டி

போட்டுவிட்டேன். நான் எதிர்பார்க்காதது, சாம்பலிலும் பொம்மைதான்.

உளிச்சத்தம்

நான் தச்சு வேலை செய்பவன், கணினி வேலை தெரியாது. என் மகன் இந்த இழையைக் காட்டினான். அந்த சாம்பல் படத்தைப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. தம்பி, பலகை எத்தனை மி.மீ. கனம்?

முகிலன்3டி

எல்லாமே 40 மி.மீ. ஐயா. கால்கள் 120. வலுவாகத் தெரியட்டும் என்று வைத்தேன்.

உளிச்சத்தம்

அங்கேதான் இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மைக் கட்டிலில்தான் பலகை அந்த விகிதத்தில் இருக்கும், மெல்லியதாக வார்க்க முடியாது என்பதால். நிஜத்தில் பக்கப் பலகை, டிராயர் முகப்பு எல்லாம் 18 மி.மீ. பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். கால் திடமரம் என்றால் 60, 70 மி.மீ. போதும், இரண்டு பிள்ளைகள் குதித்தாலும் தாங்கும். பக்கச் சட்டம் மட்டும் கனமாக இருக்கலாம், அது பாரம் சுமக்கிறது.

அடுத்தது மெத்தை. மேல் தட்டில் உப்பலாக ஒரு மெத்தை போட்டிருக்கிறீர்களே, அது 30 செ.மீ. இருக்கும் போலிருக்கிறது. பங்க் பெட்டின் மேல் தட்டுக்கு 10 முதல் 15 செ.மீ. மெத்தைதான் போடுவோம். காரணம் தடுப்புச் சட்டம். மெத்தைக்கு மேலே சட்டம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது. ஐரோப்பியத் தரநிலை EN 747 மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 16 செ.மீ. கேட்கிறது. உங்கள் படத்தில் ஒரு சாண்கூட இல்லை, நாலு விரல்தான். படம் பார்க்கிற பெற்றோருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் பிள்ளை உருண்டு விழுந்துவிடும் என்று உடம்புக்குத் தெரியும். அதுவே இது நிஜக் கட்டில் இல்லை என்று சொல்லிவிடும்.

டிராயரைச் சுற்றி இடைவெளி இல்லை. கோடு வரைந்த மாதிரி இருக்கிறது. இரண்டு மூன்று மி.மீ. விட வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் அடித்த பிறகு இறுகிக்கொண்டு திறக்காது. அந்த இடுக்கில் இருட்டு தெரியும், அதுதான் டிராயர்.

இன்னொன்று. மேல் தட்டின் அடிப்பக்கத்தையும் நீலப்பச்சையில் அடித்திருக்கிறீர்கள் அல்லவா? அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. குறுக்குப் பட்டைகள் வெறும் மரமாகவே இருக்கும், அதன் மேல் மெத்தையின் அடித்துணி தெரியும்.

ஒளிமானி

ஐயா கடைசியாகச் சொன்னது தச்சு விஷயம் மட்டுமல்ல, வெளிச்ச விஷயமும்கூட. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முகிலன், அவர் சொன்ன அளவுகளை வைத்ததும் இதையும் செய்யுங்கள். உங்கள் விளிம்புகளின் பெவல் என்ன? சாம்பல் படத்தில் எல்லா விளிம்பிலும் கொழகொழவென்று ஒரு வெளிச்சக் கோடு ஓடுகிறது. 10 மி.மீ. ஆரம் மாதிரி தெரிகிறது. பெயிண்ட் அடித்த எம்.டி.எஃப். விளிம்பை உப்புத்தாள் போட்டு உடைத்தால் ஒன்று, ஒன்றரை மி.மீ. வரும். லேமினேட் பலகையில் அதைவிடக் கூர்மை. பிள்ளைகள் கை படும் தடுப்புச் சட்டத்துக்கும் படி முனைக்கும் மட்டும் 3 முதல் 5 மி.மீ. கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி உருட்டினால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்தான்.

கேமரா. உங்கள் உயரத்தில் நின்று கீழே சாய்த்துப் பார்க்கும்போது செங்குத்துக் கோடுகள் எல்லாம் கீழே ஒன்றை நோக்கிச் சரிகின்றன. மேசைமீது இருக்கும் சிறிய பொருளைத்தான் நாம் அப்படிப் பார்ப்போம். அறைகளைப் படம் எடுப்பவர்கள் கேமராவை மட்டமாக வைத்து செங்குத்தைச் செங்குத்தாகவே வைத்திருப்பார்கள். X சுழற்சியை 90 டிகிரியில் நிறுத்துங்கள், உயரம் 1.1 மீட்டர். சட்டகத்தில் மேலும் கீழும் நகர்த்த Shift Y மட்டும். அந்த உயரத்தில் மேல் தட்டின் அடிப்பக்கம் கொஞ்சம் தெரியும். கட்டில் நம்மைவிட உயரம் என்று சொல்வது அதுதான். 20 மி.மீ.யை 24 ஆக்குங்கள். பின்னுக்குப் போக இடமில்லை என்றால் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கேமராவுக்கு மட்டும் தெரியாமல் செய்துகொள்ளலாம். சுவரை அழித்துவிடாதீர்கள், அதிலிருந்து திரும்பும் வெளிச்சமும் போய்விடும்.

நிறக்கலவை

அப்போ பின்னணி மங்கல்? அதுதானே புகைப்படத்தின் அடையாளம்? டி.எஸ்.எல்.ஆரில் எடுத்தால் பின்னால் மங்கத்தானே செய்யும்?

ஒளிமானி

முகத்தைப் படம் எடுத்தால் மங்கும். அறையை எடுத்தால் மங்காது. அறைப் படங்கள் பொதுவாக f/8 பக்கத்தில் எடுக்கப்படும். 24 மி.மீ. லென்ஸ், f/8, முழுச்சட்டக சென்சார் என்று கணக்குப் போட்டால், 2.4 மீட்டரில் குவித்தாலே 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் கூர்மை. முகிலனின் அறையே 3.6 மீட்டர். மங்குவதற்கு அங்கே இடமில்லை.

அவர் வைத்திருக்கும் 0.4 என்பது 20 மி.மீ. லென்ஸில் 50 மி.மீ. அகலத் துவாரம். அப்படி ஒரு லென்ஸ் கடையில் கிடைக்காது. பிளெண்டர் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தலையணை கூர்மையாகவும் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் சுவர் கரைந்தும் இருந்தால், கண் அதை விரல் நீளப் பொருளை மிக அருகிலிருந்து எடுத்த படம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பொம்மை வீட்டின் பாதிக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம்.

முகிலன்3டி

அளவு, பெவல், கேமரா, F-Stop 8 எல்லாம் மாற்றி சாம்பலில் மறுபடி போட்டிருக்கிறேன். அறை வந்துவிட்டது! இப்போது நிறத்தைத் திரும்பப் போட்டால் வேறொரு தொல்லை. கூரையின் மூலை ஆரஞ்சு, கீழ்த் தட்டின் உள்ளே கடல் ஆழம் மாதிரி பச்சை இருட்டு. வெள்ளைப் போர்வைகூட வெள்ளையாக இல்லை.

ஒளிமானி

இப்போதுதான் நிறத்தின் முறை. மஞ்சளுக்கு என்ன கொடுத்தீர்கள்?

முகிலன்3டி

#FFC400. கட்டிலுக்கு #00B8B0.

ஒளிமானி

அந்த மஞ்சளை RGB பெட்டியில் பாருங்கள். உங்கள் பதிப்பில் ஏறக்குறைய 1.0, 0.55, 0.0 என்று காட்டும். அது திரையில் எவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற எண் இல்லை. விழுந்த வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற எண். சிவப்பில் 1.0 என்றால் விழுந்த சிவப்பு முழுவதையும் ஒரு சொட்டுகூட விழுங்காமல் திருப்பி அனுப்பும் சுவர். அப்படி ஒரு பெயிண்ட் இல்லை. நல்ல வெள்ளைப் பெயிண்டே 0.8 பக்கத்தில்தான் நிற்கும். நீலத்தில் 0.0 என்றால் ஒரு துளி நீலமும் திரும்பாது. அதுவும் கிடையாது. எந்தச் சாயம் பூசினாலும் எல்லா நிறத்திலும் கொஞ்சமாவது திரும்பும்.

வெளிச்சம் ஒருமுறை பட்டுத் திரும்பினால் இது பெரிதாகத் தெரியாது. அறைக்குள் அது பலமுறை பட்டுத் திரும்புகிறது, ஒவ்வொரு முறையும் இந்த எண்களால் பெருக்கப்படுகிறது. உங்கள் மஞ்சளில் இரண்டு முறை பட்டால் சிவப்பு அப்படியே 1.0, பச்சை 0.30, நீலம் பூஜ்யம். அதுதான் கூரை மூலையில் நீங்கள் பார்க்கும் ஆரஞ்சு. 0.70, 0.45, 0.10 என்று வைத்துப் பாருங்கள். இரண்டு முறை பட்டதும் சிவப்பு 0.49, பச்சை 0.20, நீலம் 0.01. சாயல் இன்னும் இருக்கும், நிஜ மஞ்சள் அறையிலும் இருக்கும். ஆனால் சுவர் திருப்பும் சிவப்பே பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதால், வெள்ளைக் கூரையிலிருந்து வரும் சாதா வெளிச்சம் அதை அடக்கிவிடும்.

கட்டிலின் நீலப்பச்சையில் சிவப்பு பூஜ்யம். கீழ்த் தட்டு ஏறத்தாழ மூடிய பெட்டி, உள்ளே எல்லாப் பக்கமும் அதே நிறம். நுழைந்த வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பு முதல் மோதலிலேயே செத்துவிடும். 0.10, 0.42, 0.38 அளவுக்கு மாற்றுங்கள். அப்புறம் உளிச்சத்தம் ஐயா சொன்னபடி அடிப்பக்கத்தை வெறும் மரமாக விடுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே போர்வை வெள்ளையாகிவிடும், பாருங்கள்.

நிறக்கலவை சொன்னதிலும் பாதி சரி. நிறத்தின் பரப்பு குறைய வேண்டும். கடைசியில் படத்தின் சாச்சுரேஷனைக் குறைத்தால் தலையணையும் மரத்தரையும் சேர்ந்து வாடிப்போகும், கூரையின் ஆரஞ்சு மட்டும் வெளிறிய ஆரஞ்சாக அங்கேயே இருக்கும். மெட்டீரியலில் குறைத்தால் எது எங்கே படிகிறது என்பதே மாறுகிறது.

மெட்டீரியல்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம், இதை ஓட்டுங்கள்:

```python
import bpy
for m in bpy.data.materials:
    if not m.use_nodes:
        continue
    n = m.node_tree.nodes.get("Principled BSDF")
    if n:
        c = n.inputs["Base Color"].default_value[:3]
        if min(c) < 0.03 or max(c) > 0.8:
            print(m.name, [round(x, 2) for x in c])
```

வலைக்கண்

இடையில் ஒரு வார்த்தை. Base Color-இல் டெக்ஸ்சர் இணைத்திருந்தால் இது அதைப் பார்க்காது, இணைப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் பழைய எண்ணைத்தான் காட்டும். தரை, போர்வை போன்றவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் இறக்கும் வெள்ளைத் துணி டெக்ஸ்சர்கள் பல 0.9-க்கு மேல் இருக்கும்.

ஒளிமானி

சரிதான், நன்றி. கறுப்புக் கைப்பிடி போன்றவையும் பட்டியலில் வரும், அவற்றை விட்டுவிடலாம்.

முகிலன், இன்னும் ஒன்று. மஞ்சள் சுவர் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அறையில் அதிக வெளிச்சம் வாங்கும் சுவர் அதுதான், எனவே அதிகமாகத் தெறிப்பதும் அதுதான். மாற்ற முடியாது என்றால் பாதி உயரத்துக்கு மட்டும் மஞ்சள் அடியுங்கள், தரையிலிருந்து 1.2 மீட்டர். அதற்கு மேல் வெள்ளை. குழந்தைகள் அறைக்குப் பொருத்தமாகவும் இருக்கும், மேல் தட்டில் படுப்பவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவரும் கிடைக்கும். அந்த எல்லைக்கோடு மயிரிழை நேராக இருக்க வேண்டாம், டேப் ஒட்டி அடித்த கோட்டில் அங்கங்கே துளி கசிந்திருக்கும்.

அனிதா_வீடு

நான் தவறாகப் புரிந்துகொண்டு எழுதினாலும் இழையை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், சுவாரஸ்யமாக இருக்கிறது. புதிதாகப் போட்ட படத்தைப் பார்த்தேன். அறை நிஜமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பிள்ளைகள் இல்லை. ஒரு அம்மாவாகச் சொல்கிறேன், அந்தப் படுக்கை யார் விரித்தது?

மேல் தட்டில் போர்வையைச் சுவர்ப் பக்கம் யாராலும் செருக முடியாது. படியில் நின்று எட்டி எட்டி இழுப்போம், நம் பக்கம் இறுக்கமாக வரும், சுவர் ஓரம் சுருண்டு கிடக்கும். கால்மாட்டில் ஒரு மூலை மெத்தையை விட்டு ஏறியே இருக்கும். உங்கள் படத்தில் நான்கு பக்கமும் விடுதி மாதிரி மடித்திருக்கிறது. கீழ்த் தட்டு வேறு, அங்கே பகலெல்லாம் உட்கார்ந்து விளையாடுவார்கள், முன் விளிம்பு நடுவில் அமுங்கியிருக்கும்.

அலமாரியில் எல்லாத் தட்டிலும் சமமாகப் பொம்மை அடுக்கியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் கீழ்த் தட்டு பிதுங்கும், ஏனென்றால் அதுதான் அவர்களுக்கு எட்டும். மேலே இருப்பதெல்லாம் நாங்கள் வைத்தது, மாதக்கணக்கில் அசையாது, ஒழுங்காக இருக்கும். புத்தகம் பின்சுவர்வரை போகாது. முன்னால் துருத்திக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் ஒன்று படுத்துக் கிடக்கும். அப்புறம் டிராயர். ஐந்தில் ஒன்றாவது முழுதாக மூடியிருக்காது, ஏதாவது துணி மாட்டிக்கொண்டிருக்கும்.

ஒளிமானி

அனிதா மேடம், இதை நான் சொல்லியிருக்கவே முடியாது. முகிலன், போர்வைக்கு கிளாத் சிமுலேஷன் ஓட்டும்போது சுவர் ஓரத்தைப் பின் செய்யாமல் விடுங்கள், முன் விளிம்பை மட்டும் மெத்தைக்கு அடியில் பிடியுங்கள். அவர் சொன்ன அதே கோணல் தானாக வரும்.

கறையும் அதே கணக்குதான். சுவர் முழுக்க அழுக்கு டெக்ஸ்சர் தூவ வேண்டாம், அது கைவிட்ட வீடு மாதிரி ஆகிவிடும். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், டிராயர் முகப்பின் மேல் விளிம்பில், Roughness-ஐ மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். நிறத்தைத் தொடாதீர்கள். எண்ணெய்க் கை பட்ட இடம் நேராகப் பார்த்தால் தெரியாது, ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் படும்போது மட்டும் தெரியும்.

நிறக்கலவை

அழுக்கும் கலைசலும் இதில் எப்படிச் சரி? இது விளம்பரப் படம். பட்டறைக்காரர் அவர் செய்த டிராயர் மூடாமல் இருப்பதைக் காட்டுவாரா? புகைப்படம் எடுக்கும்போதுகூட ஆட்களை வைத்து அடுக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். நிஜப் புகைப்படம் போல வேண்டும் என்றால், அடுக்கிய அறையைத்தானே காட்ட வேண்டும்?

அனிதா_வீடு

அடுக்கினாலும் பிள்ளைகள் அறை அப்படித்தான் இருக்கும் சார்!

உளிச்சத்தம்

திறந்திருக்கும் டிராயர் நல்லது தம்பி, பக்கவாட்டு ஓட்டம் தெரியும்படி முக்கால்வாசி இழுத்து வையுங்கள். உள்ளே எவ்வளவு ஆழம் என்று வாங்குபவர் பார்க்கட்டும். துணி மாட்டி அரைகுறையாக நிற்பதைத்தான் நானும் காட்ட மாட்டேன்.

முகிலன்3டி

இன்றைய நிலவரம். மஞ்சள் பாதிச் சுவர், கட்டிலின் அடிப்பக்கம் மரம், நீலப்பச்சை புதிய எண்ணில், ஆரஞ்சு டிராயர் ஐந்துக்குப் பதில் இரண்டு, மற்ற மூன்றும் மரநிறம். மூன்றாவது டிராயரை இழுத்து வைத்திருக்கிறேன். போர்வை கோணல். வேலை கொடுத்தவரிடம் காட்டினேன், "இது எப்போ எடுத்தது?" என்று கேட்டார். அந்த வரைக்கும் சந்தோஷம்.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்திருக்கிறது. ஒளிமானி முன்பு தனிச்செய்தியில் சொன்னபடி AgX-க்கு மாறினேன். ஜன்னல் ஓரம் இப்போது எரிந்து வெள்ளையாகாமல் மெதுவாக ஏறுகிறது, அது நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டிலின் நிறம் அவர்களுடைய பெயிண்ட் அட்டையோடு ஒத்துவரவில்லை, மங்கிவிட்டது என்கிறார்கள். Standard-இல் அட்டைக்கு நெருக்கமாக வருகிறது, ஜன்னல் எரிகிறது.

வலைக்கண்

இதில் நான் ஒளிமானியோடு ஒத்துப்போக மாட்டேன். பொருள் விற்கும் படத்தில் பொருளின் நிறம்தான் முதலில். Standard-இலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தை இறக்குங்கள், அறைக்குள் கூரையை ஒட்டி ஒரு பெரிய மென்மையான ஏரியா லைட் வையுங்கள். புகைப்படக்காரர்களும் உள்ளே ஃபிளாஷ் வைத்துத்தான் ஜன்னலைச் சமாளிக்கிறார்கள்.

ஒளிமானி

வைக்கலாம், ஆனால் அந்த லைட் மேல் தட்டின் நிழலைத் தின்றுவிடும். கீழ்த் தட்டின் உள்ளே படிப்படியாக இருட்டுவதுதான் இப்போது கட்டிலுக்கு ஆழம் கொடுக்கிறது. AgX-இலேயே Look-ஐ Medium High Contrast ஆக்கி, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் நிறம் தன் அடர்த்தியோடு நிற்கும், அதிக வெளிச்சம் படும் இடத்தில்தான் AgX அதை வெளுக்கிறது.

பெயிண்ட் அட்டையோடு ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அட்டையை அவர்களுடைய நிஜப் புகைப்படத்தில் இருக்கும் கட்டிலோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஒத்துவராது.

வலைக்கண்

ஒத்துவராது என்பது வாங்குபவருக்குத் தெரியாதே. வந்த கட்டில் வேறு நிறம் என்று திருப்பி அனுப்புவார், அது பட்டறைக்காரர் தலையில் விடியும்.

முகிலன்3டி

இரண்டையும் போட்டு அனுப்பிப் பார்க்கிறேன். அட்டையைப் புகைப்படத்தோடு வைத்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். உளிச்சத்தம் ஐயா, தடுப்புச் சட்டம் இப்போது மெத்தைக்கு மேல் 23 செ.மீ. வருகிறது, மெத்தை 12. சட்டத்தின் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு விடலாம்?

உளிச்சத்தம்

நான் 7 செ.மீ. விடுவேன். தலை நுழையக்கூடாது, கையோ காலோ சிக்கிக்கொள்ளவும் கூடாது. படி ஏறும் இடத்தில் மட்டும் திறப்பு வரும், அதற்கு 35 செ.மீ. போதும். ஆறு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை மேலே படுக்கவைக்கக் கூடாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். உங்கள் படத்தில் மேல் தட்டுத் தலையணை ஓரம் கிலுகிலுப்பை வைத்திருக்கிறீர்கள். அதைக் கீழே இறக்கிவிடுங்கள்.